மூன்று பேர் போட்ட 5.0-ஐ விட 412 பேர் போட்ட 4.6 ஏன் மேலே வர வேண்டும்?

*கேள்வி: எங்கள் இணையக் கடையில் மிக்ஸி பக்கத்தை "அதிக ரேட்டிங்" என்று வரிசைப்படுத்தினால், மூன்றே ரிவ்யூ வாங்கிய 5.0 பொருள்தான் முதலில் நிற்கிறது. 412 ரிவ்யூவோடு 4.6 வாங்கியது எங்கோ கீழே கிடக்கிறது. சராசரி சரியாகத்தானே போடுகிறோம்? ரிவ்யூ குறைவு என்பதற்காகப் புதுப் பொருளைக் கீழே தள்ளினால் அது அநியாயம் இல்லையா?*

உங்கள் சராசரியில் பிழை இல்லை. 15-ஐ 3-ஆல் வகுத்தால் 5தான். ஆனால் "அதிக ரேட்டிங்" என்பதை அழுத்தும் வாடிக்கையாளருக்கு அந்த வகுத்தல் கணக்கு தேவையில்லை. இதை நான் வாங்கினால் எனக்கு எப்படி இருக்கும் என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டும். மூன்று பேர் என்ன போட்டார்கள் என்பது நடந்து முடிந்த விஷயம். அடுத்து வாங்கப்போகும் ஆயிரம் பேர் என்ன போடுவார்கள் என்பது ஊகம். இந்த ஊகத்துக்கு வெறும் சராசரி மோசமான வழி, அதுவும் ரிவ்யூ குறைவாக இருக்கும்போது மிக மோசமான வழி.

ஏன் என்பதை எண்ணிப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். புரிவதற்காக, உலகில் இரண்டே வகை மிக்ஸி இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் வகை சுமாரானது. நூறு பேர் வாங்கினால் 60 பேர் ஐந்து ஸ்டார், 15 பேர் நான்கு, 10 பேர் மூன்று, 5 பேர் இரண்டு, மீதி 10 பேர் ஒன்று போடுவார்கள். கூட்டி வகுத்தால் உண்மையான சராசரி 4.1. இரண்டாவது வகை அருமையானது. நூற்றில் 80 பேர் ஐந்து ஸ்டார் போடுவார்கள், சராசரி 4.6. சுமாரான மிக்ஸிக்கே பாதிப் பேருக்கு மேல் ஐந்து ஸ்டார் போடுகிறார்கள் என்பதைக் கவனியுங்கள். இணையக் கடைகளில் அப்படித்தான் நடக்கும். பொருள் உடையாமல் வந்து சேர்ந்து, ஓடவும் செய்தால், பலர் ஐந்தைத் தட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

இப்போது நூறு புது மிக்ஸி உங்கள் தளத்துக்கு வருகின்றன. அதில் 90 சுமார், 10 அருமை. ஒவ்வொன்றுக்கும் மூன்று ரிவ்யூ விழுந்திருக்கிறது. சுமாரான ஒன்றுக்கு மூன்றுமே ஐந்தாக விழும் வாய்ப்பு 0.6 × 0.6 × 0.6, அதாவது 0.216. அப்படியானால் 90-இல் கிட்டத்தட்ட 19 மிக்ஸி தற்செயலாகவே 5.0 காட்டும். அருமையான வகையில் இந்த வாய்ப்பு 0.512, ஆகவே 10-இல் 5 மிக்ஸி 5.0 காட்டும். மொத்தம் 24 மிக்ஸி உச்சத்தில் நிற்கின்றன, அவற்றில் உண்மையிலேயே அருமையானவை ஐந்துதான். மற்ற 19-க்கும் வாய்த்தது அதிர்ஷ்டம் மட்டுமே. இந்த 24-இல் எதையாவது எடுத்து வாங்குபவர் எதிர்பார்க்க வேண்டிய சராசரி என்ன? ஐந்து மிக்ஸிக்கு 4.6, பத்தொன்பதுக்கு 4.1. கலந்தால் சுமார் 4.2.

உங்கள் பட்டியலின் தலையில் நிற்கும் 5.0-க்கு நேர்மையான மதிப்பு இந்த 4.2தான். 412 பேர் போட்ட 4.6 அப்படி இல்லை. அத்தனை பேர் சேர்ந்த பிறகு அதிர்ஷ்டம் இரு பக்கமும் அடித்துச் சமமாகிவிடும், அந்த எண் பெரும்பாலும் 4.6-க்குப் பக்கத்திலேயேதான் நிற்கும். 4.6 பெரிதா 4.2 பெரிதா என்று கேட்டால் விடை தெரிந்ததே.

இதனால் உங்கள் இரண்டாவது கேள்விக்கும் பதில் கிடைக்கிறது. ரிவ்யூ குறைவு என்பதற்காக யாரையும் தண்டிக்கவில்லை. மூன்று ரிவ்யூ எவ்வளவு சொல்லுமோ அவ்வளவை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். அந்தப் பொருள் நூறு மிக்ஸியின் பொதுச் சராசரியான 4.15-இலிருந்து 4.2-க்கு ஏறத்தான் செய்கிறது, இறங்கவில்லை. அதே மாதிரி, வந்த முதல் இரண்டு ரிவ்யூவும் ஒரு ஸ்டாராக விழுந்த பொருளை வெறும் சராசரி 1.0 என்று குழி தோண்டிப் புதைத்துவிடும். கூரியர்காரர் தாமதமாக வந்த கோபமாகக்கூட அது இருக்கலாம். இந்த முறை அதையும் காப்பாற்றும். புதியவர்களுக்கு இது வெறும் சராசரியை விட நியாயமானது என்பேன்.

சரி, சூத்திரத்துக்கு வருவோம். மேலே செய்த மாதிரி வகை பிரித்து எண்ண வேண்டியதில்லை. ஒவ்வொரு பொருளுக்கும், அது கடைக்கு வரும்போதே சில கற்பனை ரிவ்யூக்களைக் கையில் கொடுத்துவிடுங்கள். எல்லாமே அந்தப் பிரிவின் பொதுச் சராசரியில் இருக்கட்டும். உண்மையான ரிவ்யூ வர வர, அவற்றோடு சேர்த்துச் சராசரி போடுங்கள்.

```
score = (k*m + sum) / (k + n)
```

இதில் `m` பிரிவின் பொதுச் சராசரி, `k` கற்பனை ரிவ்யூக்களின் எண்ணிக்கை, `n` உண்மையான ரிவ்யூக்களின் எண்ணிக்கை, `sum` அவற்றின் ஸ்டார்களைக் கூட்டிய தொகை. இதைத்தான் சுருக்கிய சராசரி என்கிறோம். பொதுச் சராசரிக்கும் அந்தப் பொருளின் சராசரிக்கும் உள்ள தூரத்தை, ஆதாரம் எவ்வளவு குறைவோ அவ்வளவுக்குச் சுருக்குகிறது. பேய்சியன் சராசரி என்ற பெயரிலும் பார்த்திருப்பீர்கள்.

`m` 4.1 என்றும் `k` 20 என்றும் வைத்து உங்கள் இரண்டு மிக்ஸியையும் போட்டுப் பார்ப்போம். கற்பனை ரிவ்யூக்களின் தொகை 20 × 4.1 = 82. மூன்று ஐந்து ஸ்டார் வாங்கியதற்கு (82 + 15) / 23 = 4.22. நாம் எண்ணிப் பார்த்துக் கண்ட 4.2-க்கு ஒட்டியே வருகிறது. 412 ரிவ்யூ வாங்கியதன் ஸ்டார் தொகை 1895 சொச்சம், ஆகவே (82 + 1895) / 432 = 4.58. கிட்டத்தட்ட அதன் சொந்தச் சராசரியிலேயே நிற்கிறது, 20 கற்பனை ரிவ்யூ அதை அசைக்கவே இல்லை.

இப்போது மூன்று ரிவ்யூ மிக்ஸிக்கு நான்காவதாக ஒரு ஸ்டார் விழுகிறது என்று வையுங்கள். வெறும் சராசரி 5.0-இலிருந்து 4.0-க்குத் தடாலென்று விழும், பட்டியலின் முதல் இடத்திலிருந்து பல பக்கம் தள்ளிப் போய்விடும். சுருக்கிய சராசரி 4.22-இலிருந்து 4.08-க்கு நகரும். மறுபக்கம், அந்த மிக்ஸி உண்மையிலேயே அபாரமானது, தொடர்ந்து ஐந்தாகவே விழுகிறது என்றால், 4.58-ஐத் தாண்ட எத்தனை வேண்டும்? 22 ரிவ்யூவில் 4.571, 23-இல் 4.581. ஆக, இருபத்து மூன்றாவது ஐந்து ஸ்டாரில் அது 412-காரரை முந்திவிடும். 412 ரிவ்யூ சேரும்வரை காத்திருக்கத் தேவையே இல்லை.

பலர் இதற்குப் பதிலாக "குறைந்தது பத்து ரிவ்யூ இருந்தால்தான் பட்டியலில் காட்டுவோம்" என்று ஒரு கோடு போட்டுவிடுகிறார்கள். எழுத எளிது, ஆனால் எனக்கு அது பிடிப்பதில்லை. ஒன்பது ரிவ்யூவில் கண்ணுக்கே தெரியாத பொருள், பத்தாவது விழுந்த உடனே முதல் இடத்தில் வந்து குதிக்கும். கோட்டுக்கு அந்தப் பக்கம் பழைய பிரச்சினை அப்படியே இருக்கும், பத்து ரிவ்யூ 5.0 ஆயிரம் ரிவ்யூ 4.8-ஐ மிதிக்கும். விற்பவர்களுக்கும் கோடு எங்கே என்று சீக்கிரமே தெரிந்துவிடும், சொந்தக்காரர்களை வைத்துப் பத்தை நிரப்பிவிடுவார்கள். சுருக்கிய சராசரியில் அப்படிக் கோடு எதுவும் இல்லை, ஒவ்வொரு ரிவ்யூவும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் நகர்த்தும்.

இனி முக்கியமான இடம். `k` 20 என்று எங்கிருந்து வந்தது? இணையத்தில் பார்த்த எண்ணைக் கடன் வாங்கக் கூடாது. ஐஎம்டிபி தளம் தன் 250 சிறந்த படங்கள் பட்டியலுக்கு வெளியிட்ட சூத்திரம் இதேதான். (அங்கே எழுத்துகள் மாறி இருக்கும், நம் `k`-ஐ அவர்கள் `m` என்பார்கள்.) அவர்கள் வைத்த எண் 25,000 வரை போனது. லட்சக்கணக்கில் ஓட்டு விழும் இடத்துக்கு அது சரி. உங்கள் கடையில் 25,000 போட்டால் 412 ரிவ்யூ மிக்ஸி 4.108-இலும் மூன்று ரிவ்யூ மிக்ஸி 4.100-இலும் நிற்கும், எல்லாமே பொதுச் சராசரியில் ஒட்டிக்கொள்ளும். அந்த மெல்லிய வித்தியாசத்தில் முந்துவது பெரும்பாலும் அதிக ரிவ்யூ வாங்கிய பொருள்தான், ஆக அது "அதிகம் விற்றவை" பட்டியலாக மாறிவிடும். `k` ஒன்றோ இரண்டோ என்றால் பழைய வெறும் சராசரிக்கே திரும்பிவிடுவீர்கள்.

சரியான `k` உங்கள் தரவுக்குள்ளேயே இருக்கிறது. இரண்டு விஷயத்தை அளக்க வேண்டும். முதலாவது, ஒரே பொருளுக்கு ஆளுக்கு ஆள் ஸ்டார் எவ்வளவு மாறுகிறது. ஒவ்வொரு பொருளுக்குள்ளும் மாறுபாட்டை, அதாவது திட்ட விலக்கத்தின் வர்க்கத்தை, கணக்கிட்டுச் சராசரி எடுங்கள். மேலே சொன்ன சுமாரான மிக்ஸிக்கு அது 1.79 வரும், 1.8 என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது, பொருளுக்குப் பொருள் உண்மையான தரம் எவ்வளவு மாறுகிறது. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். பொருள்களின் சராசரிகளை எடுத்து அவற்றின் மாறுபாட்டை அப்படியே போட்டுவிடுவார்கள். அந்தச் சராசரிகளுக்குள்ளேயும் அதிர்ஷ்டம் கலந்திருக்கிறது, அதைக் கழிக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, சுமார் 60 ரிவ்யூ வாங்கிய மிக்ஸிகளை மட்டும் எடுத்து, அவற்றின் சராசரிகளுக்கு இடையே மாறுபாடு 0.12 என்று வந்தால், அதில் அதிர்ஷ்டத்தின் பங்கு 1.8 / 60 = 0.03. மீதி 0.09தான் உண்மையான தர வித்தியாசம்.

`k` என்பது முதலாவதை இரண்டாவதால் வகுத்தது. 1.8 / 0.09 = 20. ஆட்கள் ஒருவருக்கொருவர் ஒத்துப்போகாத பிரிவில் `k` பெரிதாகும், அங்கே நம்புவதற்கு நிறைய ரிவ்யூ வேண்டும். பொருளுக்குப் பொருள் தரம் மலைக்கும் மடுவுக்குமாக இருக்கும் பிரிவில் `k` சிறிதாகும், சில ரிவ்யூவிலேயே தெரிந்துவிடும். 20 என்பதற்கு அர்த்தம் இதுதான்: 20 ரிவ்யூ சேரும்போது பாதி அந்தப் பொருளின் சொல், பாதி பிரிவின் சொல். மூன்று ரிவ்யூவில் அதன் சொந்தச் சொல்லுக்கு 13 சதவீதம்தான் எடை, 412-இல் 95 சதவீதம்.

கழித்துப் பார்க்கும்போது சில பிரிவுகளில் பூஜ்யமோ அதற்குக் கீழோ வரும். போன் கவர் மாதிரிப் பிரிவில் அப்படி வந்தால் ஆச்சரியப்பட மாட்டேன். அங்கே பொருள்களுக்கிடையே ரேட்டிங் பிரித்துக் காட்டும் அளவுக்கு வித்தியாசமே இல்லை என்றுதான் தரவு சொல்கிறது. அந்தப் பிரிவில் விலையையோ டெலிவரி நேரத்தையோ வைத்து வரிசைப்படுத்துவதுதான் வாங்குபவருக்கு உதவும்.

`m` விஷயத்தில் ஒரே எச்சரிக்கை. பிரிவில் உள்ள எல்லா ரிவ்யூவையும் கொட்டிச் சராசரி எடுத்தால், அதிகம் விற்கும் நல்ல பொருள்கள் அதை மேலே இழுத்துவிடும், 4.3 என்று காட்டும். புதிதாக வரும் பொருள் அந்த நட்சத்திரங்களின் கூட்டத்தைச் சேர்ந்தது என்று நம்ப என்ன காரணம்? ஒவ்வொரு பொருளின் சராசரியையும் எடுத்து, பொருளுக்கு ஒரு ஓட்டு என்று சராசரி போடுங்கள். ஒன்றிரண்டு ரிவ்யூ மட்டுமே உள்ளவற்றை இதில் விட்டுவிடலாம். மொத்தக் கடைக்கும் ஒரே `m` வைப்பதும் தவறு. மிக்ஸிக்கும் புத்தகத்துக்கும் மக்கள் ஸ்டார் போடும் பழக்கமே வேறு.

தரவுத்தளத்தில் இது ஒரு வரி வேலை:

```sql
SELECT id, (20 * 4.1 + star_sum) / (20 + n) AS score
FROM products
WHERE category = 'mixie'
ORDER BY score DESC, n DESC;
```

`star_sum`, `n` இரண்டும் புதுப் பொருளுக்கு 0 என்று இருக்கட்டும். அப்போது ரிவ்யூவே இல்லாத பொருள் 4.1-இல் தானாக நடுவில் போய் உட்காரும். வெறும் `AVG` போட்டால் அதற்கு `NULL` வரும், போஸ்ட்கிரெஸ் மாதிரித் தரவுத்தளத்தில் `DESC` வரிசையில் `NULL` எல்லாவற்றுக்கும் முதலில் வந்து நிற்கும். அப்புறம், இந்த எண்ணைப் பக்கத்தில் காட்டாதீர்கள். மூன்று பேர் ஐந்து போட்ட பொருளுக்கு 4.2 என்று காட்டினால் விற்பவர் சண்டைக்கு வருவார், அவர் பக்கம் நியாயமும் இருக்கும். காட்டுவது உண்மையான சராசரி, பக்கத்திலேயே பெரிதாக ரிவ்யூ எண்ணிக்கை. சுருக்கியது வரிசைக்கு மட்டும்.

இந்த முறைக்கு எட்டாத விஷயங்களும் உண்டு. காசு கொடுத்து வாங்கிய ரிவ்யூவை இது கண்டுபிடிக்காது. மூன்று போலி போதும் என்றிருந்த இடத்தில் இருபத்து மூன்று தேவைப்படும், அவ்வளவுதான். கீழே இருக்கும் புதுப் பொருளை யாரும் பார்ப்பதில்லை, பார்க்காததால் ரிவ்யூவும் வருவதில்லை என்ற சிக்கலையும் இது தீர்க்காது. அதற்காக `k`-ஐக் குறைத்து விளையாடாதீர்கள். பட்டியலில் ஓரிரண்டு இடத்தைப் புதியவற்றுக்கென்று ஒதுக்கி, அங்கே மாற்றி மாற்றிக் காட்டுங்கள். தரத்தை ஊகிப்பது ஒரு வேலை, வாய்ப்புக் கொடுப்பது வேறு வேலை.

உண்மையிலேயே அசாதாரணமான ஒன்றை ஆரம்பத்தில் இது குறைத்து மதிப்பிடும் என்பதையும் மறைக்க விரும்பவில்லை. புள்ளியியலாளர்கள் பிராட்லி எஃப்ரனும் கார்ல் மாரிஸும் அமெரிக்க பேஸ்பாலின் 1970 பருவத்தை வைத்து இதைச் சோதித்தார்கள். 18 ஆட்டக்காரர்கள் முதல் 45 முறை பந்தை எதிர்கொண்டபோது எத்தனை முறை வெற்றிகரமாக அடித்தார்கள் என்று எடுத்து, பருவத்தின் மீதியில் என்ன செய்வார்கள் என்று ஊகித்தார்கள். ஒவ்வொருவரின் சொந்தச் சராசரியை அப்படியே வைத்த ஊகத்தின் மொத்தப் பிழை வர்க்கம் 0.077, பொதுச் சராசரியான 0.265-ஐ நோக்கிச் சுருக்கிய ஊகத்துக்கு 0.022. மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே. ஆனால் அந்தப் பட்டியலில் முதலில் நின்ற ராபர்ட்டோ கிளெமென்டேயை 0.400-இலிருந்து 0.294-க்கு இறக்கியது. மீதிப் பருவத்தில் அவர் அடித்தது 0.346. இரண்டு ஊகமுமே தவறின, ஒரு ஜாம்பவானை 45 வாய்ப்பில் அடையாளம் காண முடியவில்லை. மொத்தப் பட்டியலும் சரியாக வர வேண்டும் என்றால் இந்த விலையைக் கொடுக்கத்தான் வேண்டும். கூடுதல் ரிவ்யூ வந்தால் அந்தக் குறை தானாகவே சரியாகும்.

அதே சோதனையை உங்கள் கடையிலும் செய்யலாம், ஒரு மாலை நேர வேலைதான். இன்று நூறு ரிவ்யூவுக்கு மேல் உள்ள மிக்ஸிகளை எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் தேதிப்படி முதல் ஐந்து ரிவ்யூவை மட்டும் வைத்து வெறும் சராசரி ஒன்று, சுருக்கிய சராசரி ஒன்று போடுங்கள். பிறகு வந்த ரிவ்யூக்களின் சராசரியோடு இரண்டையும் ஒப்பிட்டு, வித்தியாசத்தை வர்க்கப்படுத்திக் கூட்டுங்கள். எல்லாவற்றுக்கும் ஐந்தே ரிவ்யூ என்பதால் இந்தச் சோதனையில் வரிசை மாறாது, ஊகம் எவ்வளவு கிட்டே வருகிறது என்பது மட்டும் தெரியும். வரிசையையும் பார்க்க வேண்டுமென்றால் சிலவற்றுக்கு மூன்று, சிலவற்றுக்கு நாற்பது என்று கலந்து மறையுங்கள். `k`-ஐ 5, 10, 20, 40 என்று மாற்றிப் பாருங்கள், பிழை எங்கே மிகக் குறைகிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் ஒரே ஒரு எண் மட்டும் துல்லியமாக ஜெயிக்காது, 15 முதல் 30 வரை எல்லாமே கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கும். அந்த அகலத்துக்குள் எதை வைத்தாலும் பட்டியல் பெரிதாக மாறாது.